டாக்டர் பேசின 25 நிமிஷத்தை ஒரு பக்கத் திட்டமா சுருக்கணும்: வேகப்பந்து வீச்சாளர், இடது ஹாம்ஸ்ட்ரிங்

மீனா_விவேக்நகர்

எல்லாருக்கும் வணக்கம். தம்பிக்கு 19 வயசு, வலது கை வேகப்பந்து. பெங்களூரு லீக்ல கீழ் டிவிஷன் டீம் ஒண்ணுக்கு ஆடறான். போன ஞாயித்துக்கிழமை அஞ்சாவது ஓவர்ல, இடது காலை ஊன்றி பந்தை விடற நொடியில தொடைக்குப் பின்னாடி சுளீர்னு இழுத்துடுச்சு. ஓவரை முடிக்காம வெளியே வந்துட்டான்.

நாலாம் நாள் ஸ்போர்ட்ஸ் டாக்டர்கிட்ட போனோம். நல்லா பொறுமையா பார்த்தார். அழுத்திப் பார்த்தப்போ உட்காரும் எலும்புக்கு 12 செ.மீ. கீழே ஆரம்பிச்சு 7 செ.மீ. நீளத்துக்கு வலி. மல்லாக்க படுக்க வச்சு, தொடையை நேரா மேலே நிறுத்தி, முட்டியை நீட்டச் சொன்னார். வலது கால் முழுசா நீள 20 டிகிரி குறைஞ்சுது, இடது கால் 38 டிகிரி. நடக்கும்போது வலி பத்துக்கு 2. தசையில லேசான கிழிசல், இப்போதைக்கு ஸ்கேன் வேண்டாம்னு சொல்லிட்டார்.

மொத்தம் 25 நிமிஷம். அவரைக் கேட்டுட்டுத்தான் போன்ல பதிவு பண்ணேன். இப்போ அதை தம்பி, கோச், அம்மா மூணு பேருக்கும் புரியற மாதிரி ஒரே பக்கமா எழுதணும். என் வரைவு:

வாரம் 1: ஓய்வு, நடை
வாரம் 2: சைக்கிள், லேசான பயிற்சி
வாரம் 3: ஓட்டம்
வாரம் 4: பவுலிங், முடிவில் மேட்ச்

அடிபட்ட நாளிலிருந்து 26ஆம் நாள் ஒரு செலக்‌ஷன் ட்ரையல் இருக்கு. இந்தப் பக்கம் சரியா இருக்கா, எதையாவது விட்டுட்டேனா?

ரகு_ஒயிட்ஃபீல்டு

நாலு வாரத்துல மேட்சா? தயவுசெஞ்சு வேண்டாம். எனக்கு டர்ஃப் புட்பால்ல முட்டி லிகமென்ட் அறுந்து ஆபரேஷன் ஆச்சு. 9 மாசம்னு சொன்னாங்க, எனக்கு 12 மாசம் ஆச்சு. எந்த டாக்டர் இவ்வளவு சீக்கிரம் அனுப்பறார்? வேற இடத்துல காட்டுங்க.

மீனா_விவேக்நகர்

ரகு அண்ணா, இவனுக்கு முட்டி இல்ல, தொடைப் பின்சதை. ஆபரேஷனும் இல்ல. டாக்டர் மேல எனக்குச் சந்தேகம் கிடையாது. அவர் சொன்னதை நான் ஒழுங்கா சுருக்கியிருக்கேனான்னுதான் கேட்கறேன்.

பிசியோ_அல்சூர்

மீனா, 14 வருஷமா இந்த வேலைதான் பார்க்கறேன், பாதி பேர் கிரிக்கெட் பசங்க. உங்க வரைவைப் பத்திச் சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு செய்யுங்க. "வாரம் 3: ஓட்டம்"னு எழுதியிருக்கீங்களே, அந்த இடத்துல டாக்டர் சொன்ன வார்த்தையை அப்படியே பதிவைக் கேட்டு எழுதுங்க. சுருக்காம எழுதுங்க.

மீனா_விவேக்நகர்

இப்போதான் கேட்டேன். அவர் சொன்னது இதுதான்:

"மூணாவது வாரம் வாக்கில ஓட ஆரம்பிக்கலாம். ஆனா வேகமா நடந்தா வலி வரக்கூடாது. ரெண்டு காலையும் நீட்டிப் பார்த்தா பெரிய வித்தியாசம் இருக்கக் கூடாது. பத்து நாள்லயே அது வந்துட்டா பத்து நாள்லயே ஓடட்டும். வரலேன்னா காத்திருங்க, அவசரமில்ல."

எழுதும்போதே தெரியுது. நான் எழுதினது அவர் சொன்னதே இல்ல.

பிசியோ_அல்சூர்

அதைத்தான் பார்க்கச் சொன்னேன். ரெண்டு நிபந்தனை, ஒரு அனுமதி, ஒரு எச்சரிக்கை. நாலும் போய் "வாரம் 3"னு ஒரு எண் மட்டும் மிஞ்சியிருக்கு. டாக்டர் பேச்சுல வாரக் கணக்கு ஒரு தோராயம். அவருடைய தீர்ப்பு நிபந்தனையிலதான் இருக்கு. சுருக்கும்போது நமக்கு எண்தான் கண்ணுல படும், ஏன்னா எழுத சுலபம்.

ஒரு வழி சொல்றேன். பதிவை மறுபடி முதல்லேர்ந்து கேளுங்க. "நடந்தா", "வந்துட்டா", "வரலேன்னா", "இருந்தா", "வரைக்கும்", "ஆனா" இப்படி ஒரு சொல் வர்ற ஒவ்வொரு இடத்துலயும் நிறுத்தி அந்த வாக்கியத்தை முழுசா எழுதுங்க. தமிழ்ல பேசற டாக்டரோட நிபந்தனை பெரும்பாலும் அந்த "ஆ"வுலதான் முடியும். அதையெல்லாம் எழுதி முடிச்ச பிறகு நிலைகளாப் பிரிங்க. ஒவ்வொரு நிலைக்கும் மூணு விஷயம் மட்டும் போதும்: இந்த நிலையில என்ன செய்றான், அடுத்ததுக்குப் போக எதைக் கண்ணால பார்க்கணும், எது வந்தா பின்னாடி வரணும்.

இன்னொண்ணு. டாக்டர் சொன்னது எது, நீங்களோ நாங்களோ நிரப்பினது எதுன்னு தாள்லயே தெரியணும். பக்கத்துல ஒரு சின்னக் குறி போடுங்க. காலியா இருக்கற இடத்தை ஊகிச்சு நிரப்பாதீங்க, அது அவர்கிட்ட கேட்க வேண்டிய கேள்வி.

செல்வம்_ஃபிட்னஸ்

எம்.ஆர்.ஐ. எடுக்காம திட்டம் போடறதுல எனக்கு உடன்பாடில்லை. கிழிசல் எவ்வளவுன்னு தெரியாம நிபந்தனை எப்படி வைப்பீங்க? முதல்ல ஸ்கேன், நாலு வாரம் கழிச்சு மறுபடி ஸ்கேன், க்ளியரா இருந்தா விளையாட்டு. அதுவரைக்கும் தினமும் நல்லா ஸ்ட்ரெச் பண்ணச் சொல்லுங்க, தசை இறுக்கம்தான் காரணம். நார்டிக் பயிற்சியும் கண்டிப்பா சேருங்க, யாராவது காலைப் பிடிச்சுக்கணும், முட்டி போட்டு மெதுவா முன்னாடி சாயணும். அது இல்லாத திட்டம் திட்டமே இல்லை.

பிசியோ_அல்சூர்

செல்வம், நார்டிக் விஷயத்துல நீங்க சொல்றது சரி. தசை நீண்டுக்கிட்டே பாரம் தாங்கறதைப் பழக்கணும், அதுதான் மறுபடி அடிபடறதைக் குறைக்கும். ஆனா முதல் வாரத்துல இல்ல. ஒத்தைக் கால் பாலம், அதாவது மல்லாக்கப் படுத்து ஒத்தைக் காலை ஊன்றி இடுப்பைத் தூக்கற பயிற்சி, வலியில்லாம வந்த பிறகு ஆரம்பிக்கலாம்.

ஸ்கேன் பத்தி. மேல் தசைநார் நாண் வரைக்கும் கிழிஞ்சிருக்குமோன்னு சந்தேகம் இருந்தா, பெரிய ரத்தக்கட்டு இறங்கியிருந்தா, நடக்கவே முடியலேன்னா கண்டிப்பா எடுக்கணும். இந்தப் பையனுக்கு அந்த அறிகுறி எதுவும் இல்லைன்னு கையால பார்த்த டாக்டர் சொல்றார். "க்ளியரான ஸ்கேன்" வர்ற வரைக்கும் காத்திருக்கறது சரியான நிபந்தனை ஆகாது. முழுசா ஓடி, மேட்ச் ஆடற நிலைக்கு வந்த பலருக்கும் அப்போ படம் எடுத்தா தசையில மாற்றம் தெரியத்தான் செய்யும். படம் பின்தங்கி வரும், கால் முன்னாடியே தயாராயிடும்.

ஸ்ட்ரெச் பத்தி மட்டும் எச்சரிக்கை. முதல் சில நாள்ல பிடிச்சு இழுத்து நீட்டறது கிழிஞ்ச இடத்தையே இழுக்கும். வலிக்குக் கீழே, தானா நீட்டற அசைவு போதும்.

செல்வம்_ஃபிட்னஸ்

ஸ்கேன் பத்தி இன்னும் முழுசா ஒத்துக்கலை. ஸ்ட்ரெச் விஷயம் புரிஞ்சுது.

மீனா_விவேக்நகர்

நேத்து ராத்திரி முழு பதிவையும் கேட்டு எழுதி முடிச்சேன். 11 நிபந்தனை இருந்தது. என் முதல் வரைவுல ஒண்ணுகூட இல்ல. நாலு இடம் காலியா நிக்குது:

"வேகத்தை மெதுவா ஏத்தட்டும்"னார். எவ்வளவு வேகம், எப்படித் தெரியும்?
"வலி இல்லாம"ன்னு பலதடவை சொன்னார். சுத்தமா பூஜ்யமா, இல்ல லேசா இருந்தா பரவாயில்லையா?
"பந்து எண்ணிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமா"ன்னார். எத்தனை?
கடைசியில மேட்சுக்கு "ஓகே" சொல்றது யாருன்னு அவரும் சொல்லலை, நாங்களும் கேட்கலை.

பிசியோ_அல்சூர்

அருமையான நாலு கேள்வி. கடைசி ரெண்டும் அவர்கிட்டதான் போகணும். முதல் கேள்விக்கு ஒரு உபாயம் சொல்றேன், அதையும் அவர்கிட்ட காட்டிட்டுச் சேருங்க.

"80 சதவீத வேகத்துல ஓடு"ன்னு சொன்னா எந்தப் பையனும் 80ல ஓட மாட்டான். நல்லா இருக்குன்னு தோணினா 90ஐத் தொட்டுடுவான், பயந்தா 65ல நின்னுடுவான். வேகத்தை உணர்ச்சிக்கு விடாதீங்க, கடிகாரத்துக்கு விடுங்க. அடிபடறதுக்கு முன்னாடி அவனுக்கு ஏதாவது நேரம் எடுத்து வச்சிருக்காங்களா? ஓட்டம் பிடிச்ச பிறகு 30 மீட்டரை எத்தனை வினாடியில கடந்தான்னு?

மீனா_விவேக்நகர்

கோச்சோட நோட்டுல இருக்கு. ஜூன்ல எடுத்தது, 20 மீட்டர் ஓடி வேகம் பிடிச்ச பிறகு அடுத்த 30 மீட்டர், 3.6 வினாடி.

பிசியோ_அல்சூர்

அப்போ கணக்கு சுலபம். அந்த நேரத்தை சதவீதத்தால வகுக்கணும்.

```
இலக்கு நேரம் = சிறந்த நேரம் ÷ வேக விகிதம்
60%  →  3.6 ÷ 0.6 = 6.0 வினாடி
80%  →  3.6 ÷ 0.8 = 4.5 வினாடி
90%  →  3.6 ÷ 0.9 = 4.0 வினாடி
```

ரெண்டு கோன் வச்சு 30 மீட்டர் அளந்துக்குங்க. ஒருத்தர் பக்கவாட்டுல நின்னு போன்ல வீடியோ எடுத்தா போதும், கோன் கடக்கற ஃபிரேமைப் பார்த்து நேரம் கணக்கு பண்ணலாம். கையில ஸ்டாப்வாட்ச் அமுக்கினா பிசகு வரும், 4.5க்கும் 4.0க்கும் நடுவுல இருக்கறதே அரை வினாடிதான். இலக்கை விட வேகமா ஓடினாலும் அன்னிக்குத் தோல்வின்னே எழுதுங்க. 80 கேட்ட நாள்ல 88 ஓடினவன் நல்லா ஓடினான்னு பாராட்டக் கூடாது.

அடுத்தது மறுநாள் காலை. ஹாம்ஸ்ட்ரிங் அன்னிக்கு சாயங்காலம் பொய் சொல்லும், மறுநாள் காலையில உண்மையைச் சொல்லும். எழுந்ததும் படுக்கையிலயே டாக்டர் பண்ண அதே நீட்டல் அளவை எடுங்க. தொடையை நேரா நிறுத்த ஒரு ஸ்டூல் முட்டிக்குக் கீழே வச்சுக்கலாம், போன்ல இருக்கற சாய்வு அளக்கற ஆப்பை முழங்காலுக்குக் கீழே எலும்பு மேல வச்சு டிகிரி பாருங்க. நேத்து அளவை விட இடது கால் சட்டுனு பின்தங்கியிருந்தா நேத்து செஞ்ச வேலை அதிகம்னு அர்த்தம்.

ரகு_ஒயிட்ஃபீல்டு

முதல்ல தப்பா புரிஞ்சுக்கிட்டேன், மன்னிச்சுக்கோ தங்கச்சி. ஆனா என் கதையில இதுக்குப் பொருந்தற ஒண்ணு இருக்கு. 9 மாசம் முடிஞ்ச அன்னிக்கு காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருந்தேன். அன்னிக்கு பிசியோ ரெண்டு காலோட பலத்தையும் அளந்தாங்க. ஆபரேஷன் கால் மத்ததுல 70 சதவீதம்தான். ஒத்தைக் கால்ல தாண்டினாலும் தடுமாற்றம். காலண்டர் சரி, கால் சரியில்ல. அந்த மூணு மாசம் அப்படித்தான் கூடுச்சு.

பிசியோ_அல்சூர்

ரகு சொல்றதுல ஒரு வித்தியாசம் மட்டும் குறிச்சுக்கணும். முட்டி லிகமென்ட்டுல மாசக் கணக்கும் ஒரு நிபந்தனைதான், புது லிகமென்ட் பழுக்க நேரம் வேணும், பரிட்சையில பாஸானாலும் சீக்கிரம் போகக் கூடாது. இந்த ஹாம்ஸ்ட்ரிங்ல காலம் அந்த அளவு கட்டாயம் இல்ல. பரிட்சைதான் முக்கியம். அதனால ஒருத்தரோட தாளை இன்னொருத்தர் காப்பி அடிக்கக் கூடாது.

பழைய_கீப்பர்

காக்ஸ் டவுன் பக்கம் பசங்களுக்குக் கோச்சிங் குடுக்கறேன். எனக்கு வர்ற தாள் எல்லாம் பவுலிங்கோட நின்னுடும். இதுலயும் ஃபீல்டிங் இல்ல. நாலு ஓவர் போட்டுட்டு மீதி 16 ஓவர் பையன் எங்கே நிப்பான்? டீப் ஃபைன் லெக்ல நிறுத்துவாங்க. பந்து பவுண்டரிக்கு ஓடும், முழு வேகத்துல போய் குனிஞ்சு ஒத்தைக் கையால எடுப்பான். போன வருஷம் என் பையன் ஒருத்தன் பவுலிங்ல ஒண்ணும் ஆகாம அந்தக் குனிவுலதான் மறுபடி ஹாம்ஸ்ட்ரிங்கை இழுத்துக்கிட்டான். 17ஆவது நாள்.

பிசியோ_அல்சூர்

அய்யா சொன்னது இந்த இழையிலயே பெரிய விஷயம். வேகமா ஓடும்போது உடம்பு முன்னாடி சாஞ்சா, இடுப்பு மடங்கி, முட்டி நீண்டு, பின்சதை ரெண்டு முனையிலயும் இழுபடும். வேகத்தோட குனியறது அந்த இழுப்போட உச்சம். பந்து விடும்போதும் இதேதான்: முன்கால் முட்டி விறைப்பா நிக்குது, உடம்பு அது மேல கவியுது. வேகப்பந்து வீச்சாளர்களுக்கு முன்கால் பக்கத்து ஹாம்ஸ்ட்ரிங் அதிகமா போறதுக்கு அதுதான் காரணம்.

அதனால ஃபீல்டிங்குக்குத் தனி நிபந்தனை வேணும். மறுபடி அடிபடறவங்கள்ல நிறைய பேருக்கு அது திரும்பி வந்த முதல் சில வாரத்துக்குள்ளயே நடக்குது. "திரும்பியாச்சு"ங்கறதும் ஒரே நாள் இல்ல. நெட்ஸ்ல டீமோட சேர்றது ஒண்ணு, மேட்ச்ல கட்டுப்பாட்டோட ஆடறது ஒண்ணு, பழைய வேகத்துல பழைய ஸ்பெல் போடறது ஒண்ணு. தாள்ல மூணையும் வேற வேற பேர்ல எழுதுங்க. இல்லேன்னா டாக்டர் முதலாவதைச் சொல்லுவார், கோச் மூணாவதைக் கேட்டுக்குவார்.

செல்வம்_ஃபிட்னஸ்

வலி விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லலையே. பூஜ்யமா, லேசா இருக்கலாமா? என் அனுபவத்துல பூஜ்யம் வரைக்கும் காத்திருந்தா பையன் பலமே ஏறாது.

பிசியோ_அல்சூர்

இதுல எங்களுக்குள்ளயே ஒருமித்த கருத்து இல்ல. பயிற்சியில லேசான வலியை, பத்துக்கு 3, 4 வரைக்கும், அனுமதிக்கறவங்க இருக்காங்க. ஆட்டத்துக்குத் திரும்பற நாள் அதனால முந்தறதில்ல, ஆனா பலம் கொஞ்சம் நல்லாவே ஏறுது. நான் பாரம் தூக்கற பயிற்சியில 3 வரைக்கும் விடறேன். வேக ஓட்டத்துலயும் பவுலிங்லயும் பூஜ்யம்தான், அங்கே ஒரு நொடியில போயிடும். ஆனா மீனாவோட டாக்டர் "வலி இல்லாம"ன்னு சொல்லியிருக்கார். அவர்கிட்ட கேட்காம என் எண்ணை அவர் தாள்ல எழுதக் கூடாது.

மீனா_விவேக்நகர்

கேட்டுட்டேன். இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு நிமிஷம் குடுத்தார். 11 நிபந்தனையையும் காட்டினதும் "இதை எனக்கும் அனுப்பு"ன்னார். வலி: பலப் பயிற்சியில 2 வரைக்கும், ஓட்டத்துலயும் பவுலிங்லயும் பூஜ்யம். பந்து எண்ணிக்கை: 12ல ஆரம்பிச்சு, ஒவ்வொரு தடவையும் 6 கூட்டி, ஒருநாள் விட்டு ஒருநாள். மேட்சுக்கு "சரி" சொல்றது அவர், ஆனா தம்பிக்குப் பயம் இருந்தா அதுவே "இல்லை"ன்னு எழுதச் சொன்னார். புதுத் தாள் இது. (டா) டாக்டர் சொன்னது, (சே) நாம சேர்த்து அவர் ஒத்துக்கிட்டது.

நிலை 1, நடை. நடை, கையால தாங்கிப் படி ஏறுதல், ரெண்டு கால் பாலம். வலி 2க்குள். (டா)
ஓட்டத்துக்குப் போக: 20 நிமிஷம் வேகமா நடந்து வலி இல்ல (டா). நீட்டல் வித்தியாசம் 10 டிகிரிக்குள் (டா சொன்ன "பெரிய வித்தியாசம்", எண் சே). ஒத்தைக் கால் பாலம் 10 வினாடி, வலி 2க்குள் (சே).

நிலை 2, மெதுவான ஓட்டம். 60%, 30 மீட்டர் 6.0 வினாடி. ஒருநாள் விட்டு ஒருநாள்.
வேகத்துக்குப் போக: ரெண்டு தடவை ஓடி, ரெண்டு மறுநாள் காலையிலயும் நீட்டல் பின்தங்கலை (சே). நாற்காலியில குதிகால் வச்சு ஒத்தைக் கால் பாலம், இடது எண்ணிக்கை வலதுல 90%க்குக் குறையலை (சே). அழுத்தினா வலிக்கற நீளம் 7 செ.மீ.லேர்ந்து குறைஞ்சிருக்கு (டா).

நிலை 3, வேக ஓட்டம். 80%, பிறகு 90%. 4.5, பிறகு 4.0. நார்டிக் இங்கே ஆரம்பம்.
பவுலிங்குக்குப் போக: 90% ரெண்டு நாள், நடுவுல 48 மணி நேரம், வலி பூஜ்யம் (டா + சே). கிளினிக்ல கால் விறைப்பா வேகமா மேலே வீசற பரிட்சை, வலியும் பயமும் இல்லை (டா).

நிலை 4, பந்து. நின்ன இடத்துலேர்ந்து, பிறகு அரை ரன்-அப், பிறகு முழு ரன்-அப். 12, 18, 24. ஃபீல்டிங்குக்குத் தனி நிபந்தனை: ஓடி நேரா எடுத்தல், பிறகு 80%ல ஓடிக் குனிஞ்சு எடுத்தல், பிறகு முழு வேகத்துல (சே).
மேட்சுக்குப் போக: முழு ரன்-அப்ல 24 பந்து ரெண்டு தடவை, மறுநாள் காலை சுத்தம், குனிஞ்சு எடுத்தல் முழு வேகத்துல தேறியாச்சு (டா + சே).

நிலை 5, மேட்ச். முதல் மேட்ச் 4 ஓவர், ரெண்டு ஸ்பெல், உள்வட்டத்துல ஃபீல்டிங். (டா)

பின்வாங்கல்: சுளீர் வலின்னா அன்னிக்கு நிறுத்தம், டாக்டருக்கு போன். மறுநாள் இறுக்கம் மட்டும்னா ஒருநாள் ஓய்வு, அதே நிலையை மறுபடி. ரெண்டாவது தடவையும் வந்தா ஒரு நிலை கீழே. (டா)

பிசியோ_அல்சூர்

"படி ஏறுதல் கையால தாங்கி"ங்கறது புரியலை, கைப்பிடி பிடிச்சுன்னு எழுதுங்க. மத்தபடி எனக்குப் பெரிய குறை தெரியலை. நிலை 2ல உள்ள 90% பாலக் கணக்கு ரெண்டு காலும் களைக்கற வரைக்கும் எண்ணணும், முதல்ல வலது. இடது முதல்ல எண்ணினா, வலது காலை அங்கேயே நிறுத்திக்குவான்.

பழைய_கீப்பர்

கோச்சுக்கு இந்தப் பக்கம் முழுசும் வேண்டாம். இன்னிக்கு எந்த நிலை, இன்னிக்கு எத்தனை பந்து, என்ன கூடாது. மூணு வரி. அதுவும் அவன்கிட்ட கேட்டுத்தான் அனுப்பணும், வலிக்கற நீளம் எல்லாம் டீம் குரூப்ல போட வேண்டியதில்ல.

மீனா_விவேக்நகர்

சரி அய்யா. கோச்சுக்குத் தனியா மூணு வரி போடறேன், தம்பியே தினமும் அனுப்பட்டும்.

மீனா_விவேக்நகர்

(19ஆம் நாள்) ஒரு தகவல். 11ஆம் நாள் நிலை 2க்குப் போனான், வித்தியாசம் 9 டிகிரி. பாலம் வலது 26, இடது 24, தேறிட்டான். 16ஆம் நாள் 80% ஓடச் சொன்னா வீடியோல 4.1 வந்துது. நல்லா இருக்குன்னுதான் சொன்னான். மறுநாள் காலை வித்தியாசம் 6லேர்ந்து 13க்குப் போயிடுச்சு. ஒருநாள் ஓய்வு விட்டு நேத்து 4.5ல ஓடினான், இன்னிக்குக் காலை 6. தாள் இல்லாம இருந்தா 16ஆம் நாளே "எண்பது தேறியாச்சு"ன்னு எழுதியிருப்பேன்.

ஆனா கணக்கு பார்த்தா 90% ரெண்டு தடவை முடியவே 24ஆம் நாள் ஆகும். ட்ரையல் 26. அதுக்குள்ள 24 பந்து ரெண்டு தடவை முடியாது. அவன் ராத்திரி தூங்கலை. அப்பா "ஒரு ஓவர் போட்டா என்ன ஆயிடும்"ங்கறார்.

ரகு_ஒயிட்ஃபீல்டு

அப்பாவுக்கு நான் வேணா பேசட்டுமா?

செல்வம்_ஃபிட்னஸ்

ஒரு ஓவர் போட்டுப் பார்க்கலாம்னுதான் எனக்குத் தோணுது. ட்ரையல் வருஷத்துக்கு ஒருதடவை. டாக்டர்கிட்ட கேளுங்க, அவர் விட்டாலும் விடலாம்.

பழைய_கீப்பர்

ட்ரையல்ல ஆறு பந்து போட்டாலும் முழு வேகத்துலதான் போடுவான். செலக்டர் முன்னாடி எவனும் 80 சதவீதம் போட மாட்டான். செலக்டருக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்க டாக்டரை, ஜூன் மாச வீடியோவும் சேர்த்து. சில பேர் பிறகு கூப்பிட்டுப் பார்க்கறாங்க, சில பேர் பார்க்கறதில்ல. அதை நான் உறுதியா சொல்ல முடியாது.

பிசியோ_அல்சூர்

இது உடம்பு மட்டும் சம்பந்தப்பட்ட முடிவு இல்லைன்னு எனக்குத் தெரியும். 19 வயசுப் பையன், வருஷத்துல ஒரு வாய்ப்பு. டாக்டரும் அவனும் உட்கார்ந்து பேசணும், அப்பாவையும் கூட்டிட்டுப் போங்க. போகும்போது 17ஆம் நாள் காலை எடுத்த 13 டிகிரியையும், 4.1 வீடியோவையும் கையில எடுத்துட்டுப் போங்க. 26ஆம் நாள் எந்த நிபந்தனை முடிஞ்சிருக்கும், எது முடிஞ்சிருக்காதுன்னு ரெண்டு வரியா எழுதிக் கேளுங்க. வெறுமனே "ட்ரையலுக்குப் போகலாமா"ன்னு கேட்டா பதிலும் வெறுமனேதான் வரும்.

மீனா_விவேக்நகர்

(20ஆம் நாள்) அப்பாவும் வந்தார். டாக்டர் அவரையே கட்டில் பக்கத்துல நிறுத்தி, ரெண்டு காலையும் நீட்டச் சொல்லி, சாய்வு எண்ணைப் படிக்கச் சொன்னார். அப்பா இடது கால்ல ரெண்டு தடவை படிச்சார். வெளியே வந்து ஆட்டோ ஏறற வரைக்கும் ஒண்ணும் பேசலை.

கடிதம் எழுதிக் குடுத்திருக்கார். 22ஆம் நாள் 90% முதல் ஓட்டம். கோன் ரெண்டும் அப்பா வச்சுக்கிட்டிருக்கார், 30 மீட்டரை அவரே அளக்கறேன்னு சொல்லியிருக்கார்.